பயந்து வரும் நோயாளிக்காகப் பல் மருத்துவரின் அறிமுகக் குறிப்பை எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பல் மருத்துவரைப் பற்றிய அறிமுகக் குறிப்பைப் பல் வலி இல்லாதவர் படிப்பதில்லை. வலி இருந்தும் வாரக்கணக்கில் தள்ளிப்போட்டு, கிராம்பையும் மாத்திரையையும் வைத்து ஓட்டி, இனி முடியாது என்ற நிலைக்கு வந்தவர்தான் படிக்கிறார். அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்கு என்ன நடக்கும்? பெரும்பாலான குறிப்புகள் இதற்குப் பதில் சொல்லாமல் பட்டங்களையும் கருவிகளின் பெயர்களையும் அடுக்கிவிட்டு முடிந்துவிடுகின்றன.

கிளினிக்குக்காக இதை எழுதித் தருபவர்களுக்கும், தானே எழுத உட்காரும் மருத்துவர்களுக்கும் இந்த வழிகாட்டி. படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். புதிதாக எழுதுபவர்கள் முதலில் பட்டத்தை எழுதி, அப்புறம் கருவிகளை எழுதி, கடைசியில் ‘வலியில்லா சிகிச்சை’ என்று ஒட்டவைக்கிறார்கள். பயத்தில் தொடங்கி, மருத்துவர் நிஜமாகவே செய்வதைப் பார்த்துவிட்டு, கடைசியில்தான் பயிற்சிக்கு வர வேண்டும்.

## 1. எழுதுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

மருத்துவரின் பட்டச் சான்றிதழ்களின் நகல், மாநிலப் பல் மருத்துவ மன்றத்தின் பதிவு எண், அவர் முடித்த கூடுதல் பயிற்சிகள் எத்தனை நாள் அல்லது எத்தனை மாதம் நடந்தன என்ற விவரம். இவற்றை வாய்மொழியாகக் கேட்டு எழுதாமல் தாளைப் பார்த்து எழுதுங்கள். பட்டத்தின் பெயரில் ஒரு சொல் மாறினாலும் பொருள் மாறிவிடும்.

இவற்றைவிட முக்கியமானது, கிளினிக்கில் ஒரு மாலை நேரம் உட்கார அனுமதி. வரவேற்பு மேசைக்கு அருகில் கொஞ்ச நேரம், நோயாளி சம்மதித்தால் சிகிச்சை அறையில் கொஞ்ச நேரம். மருத்துவரிடம் போனிலேயே பேசி முடித்துவிட்டால், அவர் தன்னைப் பற்றி நினைப்பதுதான் உங்களுக்குக் கிடைக்கும். செய்வது கிடைக்காது.

## 2. பயத்தை வகை பிரித்து எழுதுங்கள்

‘பல் டாக்டர் என்றாலே பயம்’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்தப் பயம் ஒரே மாதிரியானது இல்லை. ஊசிக்குப் பயப்படுபவருக்குப் பல்லைத் துளையிடும் ஏரோட்டரின் சத்தம் பொருட்டாக இருக்காது. சத்தத்துக்குப் பயப்படுபவர் ஊசியைச் சிரித்துக்கொண்டே போட்டுக்கொள்வார். யாருக்காக எழுதுகிறோம் என்று தெரியாவிட்டால் எல்லோருக்கும் சேர்த்து வெறும் ஆறுதல்தான் எழுத வரும்.

பல் மருத்துவப் பயத்தை அளக்க 1995-இல் வெளியான ஒரு சிறிய கேள்வித்தாள் உலகம் முழுக்கப் பயன்பாட்டில் இருக்கிறது. அதில் ஐந்தே கேள்விகள். நாளை சிகிச்சைக்குப் போக வேண்டும் என்றால் எப்படி இருக்கும், காத்திருக்கும் அறையில் எப்படி இருக்கும், பல்லைத் துளையிடும்போது, சுத்தம் செய்யும்போது, ஈறில் ஊசி போடும்போது எப்படி இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். கூட்டினால் 19 அல்லது அதற்கு மேல் வருபவரைக் கடுமையான பயம் உள்ளவர் என்று கொள்வார்கள். ஐந்தில் இரண்டு கேள்விகள் சிகிச்சை தொடங்குவதற்கு முந்தைய நேரத்தைப் பற்றியவை என்பதைக் கவனியுங்கள். காத்திருப்பதே பயத்தில் பாதி. உங்கள் குறிப்பு வேலை செய்ய வேண்டிய இடமும் அதுதான்.

இந்த ஐந்தையும் வைத்துக்கொண்டு வரவேற்பில் இருப்பவரிடம் பேசுங்கள். மருத்துவருக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும், ஏனென்றால் நோயாளி மருத்துவரிடம் கேட்கத் தயங்குவதை அவரிடம்தான் கேட்கிறார். நம் ஊர்களில் வழக்கமாகக் கிடைக்கும் பட்டியல் இப்படி இருக்கும்: ஊசி வலிக்குமா. பாதியில் வலித்தால் நிறுத்துவாரா. இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று திட்டுவாரா. மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடுமாமே. சுத்தம் செய்தால் பல் ஆடத் தொடங்குமாமே. உள்ளே போன பிறகு செலவு ஏறிக்கொண்டே போகுமா.

எல்லாவற்றுக்கும் குறிப்பில் இடம் கொடுக்க முடியாது. இந்த மருத்துவரிடம் அதிகமாக வருகிற இரண்டு அல்லது மூன்றைத் தேர்ந்தெடுங்கள். வேர் சிகிச்சை அதிகம் செய்பவர் என்றால் ஊசியும் பாதியில் வரும் வலியும். பல் பிடுங்குவது அதிகம் என்றால் கண் பார்வைக் கேள்விக்கு ஒரு வரி கட்டாயம் வேண்டும்: பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வைக்கான நரம்பு வேறு, பல்லை எடுப்பதால் பார்வை பாதிக்காது. கிண்டல் தொனி வேண்டாம். அதை நம்பிக்கொண்டிருப்பவர்தான் படித்துக்கொண்டிருக்கிறார்.

## 3. மருத்துவரின் கையைப் பாருங்கள்

நேரம் அதிகம் எடுக்கும் படி இதுதான். தாண்டிப் போகத் தோன்றும், போகாதீர்கள். பயத்தைக் குறைக்கும் முறைகளில் பாதியை மருத்துவர் பழக்கத்தில் செய்துகொண்டிருப்பார். கேட்டால் ‘எல்லாரும் செய்வதுதானே’ என்பார்.

ஊசி போடுவதையே எடுத்துக்கொள்வோம். கூர்ந்து பார்த்தால் அதற்குள் நாலைந்து செயல்கள் இருக்கின்றன. ஊசி போகும் இடத்தில் ஈறைப் பஞ்சால் துடைத்து உலர்த்துகிறார். மரப்பு ஜெல்லைத் தடவுகிறார். ஒன்றிரண்டு நிமிடம் காத்திருக்கிறார். உதட்டை விரலால் இழுத்துப் பிடித்து, அந்தத் தசை இறுக்கமாக இருக்கும்போது ஊசியை நுழைக்கிறார். அப்புறம் மருந்தை மெதுவாக, ஒரு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் என்ற கணக்கில் செலுத்துகிறார்.

ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. எச்சில் ஈரம் இருந்தால் ஜெல் ஈறில் நிற்காமல் வழிந்துவிடும். தடவிய கையோடு குத்தினால் ஜெல் தடவாததும் ஒன்றுதான். மருந்தை வேகமாகத் தள்ளினால் அது திசுவைப் பிதுக்கிக்கொண்டு போகும், நோயாளிக்கு வலியைத் தருவது பெரும்பாலும் அந்த அழுத்தம்தான். ஊசி முனை தருவது சின்ன வலி. அண்ணத்தில் திசு எலும்போடு ஒட்டியிருப்பதால் அங்கே அழுத்தம் இன்னும் அதிகம், எவ்வளவு நிதானமாகப் போட்டாலும் கொஞ்சம் உணரும்.

ஆக ‘மென்மையாக ஊசி போடுவார்’ என்ற வரிக்குப் பதில் உங்களிடம் இப்போது இந்த வரி இருக்கிறது: ‘ஊசிக்கு முன் ஈறில் ஜெல் தடவி, அது மரத்துப்போகும் வரை காத்திருப்பேன். மருந்தை ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு மெதுவாகவே செலுத்துவேன்.’ முதல் வரியை எந்தக் கிளினிக்கும் எழுதலாம். இரண்டாவதை அப்படிச் செய்பவர் மட்டுமே எழுத முடியும்.

பார்க்கும்போது குறித்துக்கொள்ள வேண்டிய இன்னும் சில: நாற்காலியைச் சாய்ப்பதற்கு முன் சொல்கிறாரா. கருவியை வாய்க்குள் கொண்டுபோவதற்கு முன் காட்டுகிறாரா. குழந்தையிடம் ‘சொல், காட்டு, செய்’ என்ற வரிசையில் போகிறாரா, அதாவது தண்ணீர் பீய்ச்சும் கருவியை முதலில் விரல் நகத்தில் பட வைத்துவிட்டுத்தான் பல்லுக்கு வருகிறாரா. நோயாளி கையைத் தூக்கினால் உடனே நிறுத்துகிறாரா, இல்லை ‘இதோ முடிஞ்சிடும்’ என்று தொடர்கிறாரா.

கடைசிக் கேள்வியில் நேர்மையாக இருங்கள். கையைத் தூக்கினால் நிறுத்துவேன் என்று எழுதிவிட்டு நிறுத்தாமல் போனால், எழுதாமலே இருந்திருக்கலாம். பயந்தவருக்கு அது வலியைவிடப் பெரிய ஏமாற்றம். அவர் திரும்ப வரமாட்டார், நியாயம்தான்.

## 4. ‘வலியே இருக்காது’ என்பதை எடுத்துவிடுங்கள்

மருத்துவர்கள் அதிகம் முரண்டு பிடிப்பது இந்த இடத்தில்தான். எதிரே இருக்கும் கிளினிக் போர்டில் ‘வலியில்லா சிகிச்சை’ என்று இருக்கிறது, நாம் போடாவிட்டால் நம்மிடம் வலிக்கும் என்று நினைக்க மாட்டார்களா என்பார்கள்.

போடக் கூடாது என்பதற்கு மருத்துவக் காரணமே இருக்கிறது. பல்லின் உள்நரம்பு கடுமையாக வீங்கியிருக்கும்போது, குறிப்பாகக் கீழ்க் கடைவாய்ப் பல்லில், வழக்கமான ஊசி சில நேரம் முழுதாகப் பிடிக்காது. உதடு பாதி தடித்தது போல் மரத்திருக்கும். நோயாளியும் ‘மரத்துப்போச்சு’ என்பார். பல்லைத் தொட்டதும் துள்ளுவார். உதடு மரத்ததால் பல்லும் மரத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. ராத்திரி தூக்கமில்லாமல் ஓடி வருபவர்களில் பலர் இந்த நிலையில்தான் வருகிறார்கள். அதாவது உங்கள் வாக்குறுதி பொய்யாகும் வாய்ப்பு, அதை அதிகமாக நம்பி வருபவரிடமே அதிகம்.

தேர்ந்த மருத்துவர் இந்த இடத்தில் என்ன செய்கிறார் என்று கேளுங்கள். வேர் சிகிச்சை நிபுணர்கள் பலர் குளிர் திரவம் தெளித்த சின்னப் பஞ்சு உருண்டையைப் பல்லில் வைத்துப் பார்ப்பார்கள். குளிர்ச்சி தெரியவில்லை என்றால்தான் துளையிடத் தொடங்குவார்கள். தெரிந்தால், பல்லைச் சுற்றியுள்ள இடுக்கில் கூடுதல் மருந்து போடுவார்கள். தேவைப்பட்டால் அன்று வலியைத் தணிக்க மட்டும் மருந்து வைத்துவிட்டு வேறு நாள் வரச் சொல்வார்கள்.

இதை அப்படியே எழுதுங்கள்: ‘பல் மரத்துவிட்டதா என்று சோதித்துப் பார்த்த பிறகே வேலையைத் தொடங்குவேன். மரக்கவில்லை என்றால் மேலும் மருந்து கொடுத்துக் காத்திருப்பேன்.’ வலியில்லை என்ற சொல்லே இல்லாமல், அதைவிட அதிக நம்பிக்கை தருகிற வரி இது. ஊசி பிடிக்காமல் போன பழைய அனுபவம் உள்ளவர் இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்காருவார், ஏனென்றால் அவருக்கு முன்பு நடந்ததை இந்த மருத்துவர் அறிந்திருக்கிறார்.

பின்னால் வரும் வலியையும் மறைக்க வேண்டாம். வேர் சிகிச்சைக்குப் பிறகு ஓரிரு நாள் கடிக்கும்போது வலிப்பது வழக்கம். முன்பே சொல்லிவிட்டால் அது எதிர்பார்த்த வலி. சொல்லாவிட்டால் ‘ஏதோ தப்பாகிவிட்டது’ என்ற பயம்.

இன்னொன்று: இந்தியாவில் பல் மருத்துவர்களுக்கான 2014 நன்னடத்தை விதிகள் நோயாளிகளை இழுக்கும் விளம்பரத்துக்குக் கட்டுப்பாடு வைக்கின்றன. உறுதிமொழி போல் ஒலிக்கும் வரிகளும் ‘ஊரிலேயே முதன்மையான’ போன்ற ஒப்பீடுகளும் மருத்துவருக்குத்தான் தலைவலி. குறிப்பு தகவலாக இருக்கட்டும்.

## 5. பயிற்சியைப் பயத்தோடு கோத்து எழுதுங்கள்

இப்போதுதான் பட்டங்கள். பி.டி.எஸ். என்பது நான்கு ஆண்டுப் படிப்பும் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியும். எம்.டி.எஸ். அதற்கு மேல் மூன்று ஆண்டு, ஒரு குறிப்பிட்ட துறையில். பெரும்பாலான நோயாளிகளுக்கு இந்த எழுத்துகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அந்த ஆண்டுகளில் மருத்துவர் எதைப் பழகினார் என்பது தெரிந்தால் போதும்.

‘எம்.டி.எஸ்., பல் பாதுகாப்பு மற்றும் வேர் சிகிச்சைத் துறை’ என்பதோடு நிறுத்தாதீர்கள். ‘பல்லைப் பிடுங்காமல் காப்பாற்றும் சிகிச்சைகளுக்காகவே தனியாக மூன்று ஆண்டு படித்தவர்’ என்று சேர்த்தால், ‘போனால் பிடுங்கிவிடுவார்’ என்று பயப்படுபவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. குழந்தைகள் பல் மருத்துவத்தில் எம்.டி.எஸ். என்றால், அந்தப் படிப்பில் குழந்தையின் நடத்தையைக் கையாளுவதும் ஒரு பாடம் என்பதைச் சொல்லுங்கள். தாய் தகப்பனுக்கு அதுதான் வேண்டும். ஈறு நோய்த் துறை என்றால், பல் ஆடுவது சுத்தம் செய்வதால் அல்ல, அடியில் படிந்த காறையும் ஈறு நோயும் எலும்பைக் கரைப்பதால் என்று சொல்ல இவரைவிடத் தகுதியானவர் இல்லை.

பி.டி.எஸ். மட்டும் முடித்தவர் என்றால் தயங்க வேண்டாம். நிரப்புதல், சுத்தம் செய்தல், சாதாரணமாகப் பல் எடுத்தல் எல்லாவற்றுக்கும் அதுவே முழுப் பயிற்சி. கூடவே ‘சிக்கலான வேர் சிகிச்சையையும் எலும்புக்குள் புதைந்த ஞானப்பல்லையும் அந்தந்தத் துறை நிபுணரை வரவழைத்துச் செய்கிறோம்’ என்று எழுதுங்கள். தன் எல்லையைச் சொல்லும் மருத்துவரைப் பயந்தவர் கூடுதலாக நம்புகிறார்.

சறுக்கும் இடம் குறுகிய பயிற்சிகள். இரண்டு நாள் பட்டறையில் கிடைத்த சான்றிதழைப் பட்டத்துக்குப் பக்கத்தில் அதே அளவில் எழுதினால், விவரம் தெரிந்தவர் கண்ணில் உடனே படும். மதிப்பும் குறையும். குறிப்பில் வர வேண்டும் என்றால் காலத்தோடு எழுதுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். சங்க உறுப்பினர் பட்டியலும் விருதுகளும் பயந்தவருக்கு எதையும் சொல்வதில்லை.

பதிவு எண்ணைக் கடைசி வரியில் போடுங்கள். யாரும் படிக்க மாட்டார்கள் என்று தோன்றும். ஆனால் சரிபார்க்க நினைப்பவர் தேடும் முதல் விஷயம் அதுதான்.

## 6. முறைகளை நோயாளி சந்திக்கும் வரிசையில் வையுங்கள்

கருவிகளை விலை வரிசையில் எழுதுவது வழக்கமாகிவிட்டது. லேசர், வாய்க்குள் போகும் கேமரா, நுண்ணோக்கி என்று. நோயாளி அவற்றை அந்த வரிசையில் சந்திப்பதில்லை. கதவைத் திறந்து உள்ளே வருவதிலிருந்து வெளியே போகும் வரை என்ன நடக்குமோ அந்த வரிசையில் எழுதினால், படித்து முடிக்கும்போது மனதில் ஒருமுறை போய்வந்தது போல் ஆகிவிடும். பயத்துக்குத் தீனி போடுவது ‘அடுத்து என்ன’ என்று தெரியாத நிலைதான்.

முதல் நாளுக்கு அதிக இடம் கொடுங்கள். பெரும்பாலான கிளினிக்குகளில் முதல் வருகை என்பது பேசுவது, பார்ப்பது, தேவைப்பட்டால் ஓர் எக்ஸ்ரே எடுப்பது, அவ்வளவுதான். வலி தாங்க முடியாத நிலையில் வந்தவரைத் தவிர மற்றவருக்கு அன்று ஊசியே இருக்காது. இந்த ஒரு தகவலை எழுதினாலே பலர் போனை எடுத்து நேரம் கேட்டுவிடுவார்கள். மருத்துவர் அப்படிச் செய்கிறார் என்றால் மட்டும் எழுதுங்கள்.

ஒரு கருவியை எழுதினால் அது நோயாளிக்கு என்ன செய்கிறது என்பதையும் எழுதுங்கள். ரப்பர் விரிப்பு வைத்து வேர் சிகிச்சை செய்கிறார் என்பது அவருக்கு ஒன்றும் சொல்லாது. ‘பல்லைச் சுற்றி மெல்லிய ரப்பர் விரிப்பை மாட்டுவதால் தண்ணீரும் மருந்தும் தொண்டைக்குப் போகாது’ என்றால், குமட்டல் வரும் என்று பயப்படுபவருக்குப் பதில். கருவிகளைக் கொதி நீராவியில் கிருமி நீக்கி, உறையை உங்கள் எதிரிலேயே பிரிப்போம் என்பதும் அப்படித்தான். ஆட்டோகிளேவின் வெப்ப அளவு வேண்டாம்.

சிரிப்பு வாயு இருக்கிறது என்றால் கவனமாக எழுதுங்கள். மூக்கில் சின்ன முகமூடி, நினைவு இருக்கும், பேசலாம், இறுக்கம் தளரும், முடிவில் சில நிமிடம் ஆக்சிஜன் கொடுத்ததும் தெளிந்துவிடும். இவ்வளவு போதும். ஊசிக்கு அது மாற்று இல்லை என்பதையும் சேர்க்க வேண்டும், ஏனென்றால் ‘ஊசியே இல்லாமல் செய்துவிடுவார்கள்’ என்று புரிந்துகொண்டு வருபவர்கள் உண்டு. மூக்கடைப்பு இருப்பவருக்கும் கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் இருப்பவருக்கும் தருவதில்லை என்பதால், ‘உங்கள் உடல்நிலையைக் கேட்ட பிறகே முடிவு செய்வோம்’ என்று ஒரு வரி.

எழுதாமல் விட வேண்டியதும் உண்டு. ஊசி மருந்தில் கலந்திருக்கும் அட்ரினலின் சிலருக்குச் சில நிமிடம் நெஞ்சைப் படபடக்க வைக்கும். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது மருத்துவர் சொன்னால் அது ஆறுதல். வீட்டில் தனியாகப் படித்தால் அதுவே புதுப் பயம். எந்தத் தகவலை எழுதலாம், எதை நேரில் பேச விட வேண்டும் என்ற குழப்பம் வந்தால், படிப்பவர் அதை வைத்து இப்போது ஏதாவது செய்ய முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் நேரில் சொல்லட்டும்.

## 7. தொனி

‘நான்’ என்று எழுதுங்கள். ‘டாக்டர் அவர்கள் தன் நோயாளிகளிடம் அன்பாகப் பழகுவார்’ என்று வேறு யாரோ சாட்சி சொன்னால் விளம்பரமாகப் படும். ‘உங்களுக்கு எங்கே பயம் என்று முதலிலேயே கேட்பேன்’ என்றால் பேச்சு.

‘பயப்படாதீர்கள்’ என்று எங்கும் எழுதாதீர்கள். அப்படிச் சொல்லிப் பயம் போனவர் யாரும் இல்லை. பயப்படுவது தப்பு என்பது போலவும் கேட்கும். ‘பயம் இருந்தால் நேரம் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள், கூடுதலாகக் கால் மணி நேரம் ஒதுக்குவோம்’ என்றால் அவர் செய்ய ஒரு வேலை கிடைக்கிறது.

தாமதமாக வந்தவர்களுக்கு ஒரு வரி கட்டாயம். வெட்கம் பல்வலியைவிடப் பலரை வீட்டில் உட்கார வைத்திருக்கிறது. புகையிலை, வெற்றிலைக் கறை உள்ளவர்கள், பல ஆண்டு வராதவர்கள், இவர்கள் எதிர்பார்ப்பது திட்டுதான். ‘ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்க மாட்டேன். இன்று இருக்கும் நிலையிலிருந்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.’ இதை எழுதும் முன் உதவியாளர்களிடமும் சொல்லி வையுங்கள். மருத்துவர் திட்டாமல் இருந்து, எக்ஸ்ரே எடுப்பவர் முகம் சுளித்தால் வரி வீண்.

கத்தி, அறுத்தல், கீறல், ரத்தம் போன்ற சொற்கள் அறிமுகக் குறிப்பில் வேண்டாம். அதற்காகக் குழந்தைப் பேச்சுக்கும் போகாதீர்கள். ஊசியை ஊசி என்றே சொல்லுங்கள். பெரியவர்களிடம் ‘கொசு கடித்தது போல்’ என்று எழுதினால், அனுபவப்பட்டவர் அதற்கு மேல் படிக்க மாட்டார்.

## 8. ஒரு குறிப்பை எடுத்துத் திருத்திப் பார்ப்போம்

சிறு நகரம் ஒன்றில் வேர் சிகிச்சை அதிகம் செய்யும் பெண் மருத்துவர் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாகக் கையில் கிடைக்கும் முதல் வரைவு இந்த மாதிரி இருக்கும்:

> பி.டி.எஸ்., எம்.டி.எஸ். பட்டம் பெற்ற நமது டாக்டர் நீண்ட அனுபவம் வாய்ந்தவர். அதிநவீனக் கருவிகளுடன் உலகத் தரத்தில் வலியில்லா வேர் சிகிச்சை அளித்து வருகிறார். பல தேசியக் கருத்தரங்குகளில் பங்கேற்றவர். கனிவான அணுகுமுறை கொண்டவர். உங்கள் புன்னகையே எங்கள் மகிழ்ச்சி.

இதில் பொய் என்று ஒன்றைத்தான் சொல்லலாம், வலியில்லா என்பதை. மற்றதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஊசிக்குப் பயப்படுபவர் இதைப் படித்துவிட்டு என்ன தெரிந்துகொண்டார்? ஒன்றும் இல்லை. மருத்துவரின் பெயரை மாற்றிவிட்டு எந்தக் கிளினிக்கிலும் மாட்டலாம்.

வரவேற்பில் கேட்டதில் மூன்று பயங்கள் முன்னால் நின்றன என்று கொள்வோம்: ஊசி, முன்பு ஒருமுறை ஊசி பிடிக்காமல் போன அனுபவம், திட்டுவார்களோ என்ற வெட்கம். சிகிச்சை அறையில் பார்த்தபோது ஜெல், நிதானம், குளிர் சோதனை, கை தூக்கினால் நிறுத்துவது எல்லாம் இருந்தன. அதிலிருந்து எழுந்த குறிப்பு:

> பல் சிகிச்சை என்றால் பயமாக இருக்கிறது என்று என்னிடம் வருபவர்கள் நிறையப் பேர். நேரம் கேட்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள். அவசரமில்லாத நேரமாகப் பார்த்து, கூடுதலாகக் கால் மணி நேரம் ஒதுக்குவோம்.
>
> முதல் நாளில் பேசுவதும் பல்லைப் பார்ப்பதும், தேவைப்பட்டால் ஓர் எக்ஸ்ரேயும்தான். கடுமையான வலியோடு வந்தால் மட்டும், உங்களிடம் கேட்டுவிட்டு அன்றே சிகிச்சையைத் தொடங்குவேன். எத்தனை முறை வர வேண்டும், எவ்வளவு செலவாகும் என்பதை எழுதிக் கொடுப்போம்.
>
> ஊசிக்கு முன் ஈறில் ஜெல் தடவி, அது மரத்துப்போகும் வரை காத்திருப்பேன். மருந்தை மெதுவாகவே செலுத்துவேன். பல் மரத்துவிட்டதா என்று குளிர்ச்சியை வைத்துச் சோதித்த பிறகே வேலையைத் தொடங்குவேன். சில பற்களில் முதல் ஊசி போதாமல் போகும், அப்போது மேலும் மருந்து கொடுப்பேன். இடையில் எப்போது வேண்டுமானாலும் இடது கையைத் தூக்குங்கள், நிறுத்திவிடுவேன்.
>
> பல்லைப் பிடுங்காமல் காப்பாற்றும் சிகிச்சைத் துறையில் எம்.டி.எஸ். முடித்திருக்கிறேன். காப்பாற்ற முடியாத பல் என்றால் அதையும் எக்ஸ்ரேயில் காட்டி விளக்குவேன். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்க மாட்டேன்.

கீழே பதிவு எண். நீளம் கொஞ்சம் கூடிவிட்டது, பரவாயில்லை. பயப்படுபவர் நீளமாக இருந்தாலும் படிப்பார். அவருக்கு அலுப்பு தட்டுவது வெறும் சொல்லில்தான்.

இடது கை என்று ஏன் குறிப்பாகச் சொன்னோம்? வலது கைப் பழக்கமுள்ள மருத்துவர் நோயாளியின் வலப்பக்கம் உட்காருகிறார். நோயாளி திடீரென்று வலது கையைத் தூக்கினால் கருவி பிடித்த கையில் இடிக்கும். மருத்துவர் இடது கைப் பழக்கம் உள்ளவர் என்றால் மாற்றி எழுதுங்கள்.

## 9. யாரிடம் கொடுத்துப் பார்ப்பது

மருத்துவரின் நண்பர்களிடம் வேண்டாம், அவர்களும் பெரும்பாலும் மருத்துவர்கள்தான். முதலில் உதவியாளரிடம் கொடுங்கள். ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்து ‘இதை நாம் தினமும் செய்கிறோமா, கூட்டம் அதிகமுள்ள சனிக்கிழமை மாலையும் செய்கிறோமா’ என்று கேளுங்கள். தயங்கினால் அந்த வரியை எடுங்கள், அல்லது மருத்துவரிடம் பேசிப் பழக்கத்தை மாற்றுங்கள். கால் மணி நேரம் கூடுதல் என்ற வரி விழுவது பெரும்பாலும் இந்தச் சோதனையில்தான். வரவேற்பில் இருப்பவர் அந்த நேரத்தை நோட்டில் தனியாகக் குறிக்கத் தொடங்கினால்தான் அது நிஜமாகும்.

அடுத்து, பல் மருத்துவரிடம் போகப் பயப்படும் ஒருவர். உறவில் நிச்சயம் ஒருவர் இருப்பார். படிக்கக் கொடுத்துவிட்டு ‘நன்றாக இருக்கிறதா’ என்று கேட்காதீர்கள், எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு இரண்டு கேள்வி கேளுங்கள்: முதல் நாள் போனால் என்ன நடக்கும்? வலித்தால் என்ன செய்வீர்கள்? இரண்டுக்கும் தடங்கலில்லாமல் பதில் வந்தால் குறிப்பு தயார். ‘நல்ல டாக்டர் போலிருக்கு’ என்று மட்டும் வந்தால் மூன்றாவது படிக்குத் திரும்புங்கள்.

புகைப்படத்தில் மருத்துவர் முகக்கவசம் இல்லாமல், நாற்காலியில் உட்கார்ந்தபடி இருக்கட்டும். கையில் கருவி வேண்டாம். பின்னால் ஊசித் தட்டு தெரிகிறதா என்று ஒருமுறை பாருங்கள், பல படங்களில் தெரிகிறது.

குறிப்பில் உள்ள ஒரு பழக்கம் மாறினால் அன்றே அந்த வரியையும் மாற்ற வேண்டும். சிரிப்பு வாயு கருவி பழுதானால், குழந்தைகள் நிபுணர் வாரத்தில் வரும் நாள் மாறினால், புதிதாக ஒரு மருத்துவர் சேர்ந்தால். புதியவருக்குப் பழையவரின் குறிப்பையே பெயர் மாற்றி ஒட்டாதீர்கள். அவர் ஜெல் தடவி எத்தனை நேரம் காத்திருக்கிறார் என்று உங்களுக்கு இன்னும் தெரியாது.